பத்து வகுப்பு, 600 பிள்ளைகள், ஒரே கரு: ஆண்டு விழாவைச் செலவில்லாமல் எப்படி ஒப்பேற்றுவது?

கரும்பலகை | அக்டோபர் 4, இரவு 9.10
எல்கேஜி முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து வகுப்பு. வகுப்புக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு 30 பேர். எல்லாரும் மேடையேற வேண்டும் என்பது தலைமையாசிரியரின் ஒரே நிபந்தனை. வாடகை உடை கிடையாது. பயிற்சிக்கு ஐந்து வாரம், வாரம் இரண்டு பீரியட். விழா 90 நிமிடம், அதில் பேச்சும் பரிசும் 20 நிமிடத்தைத் தின்றுவிடும். வகுப்புக்கு ஒரு பாட்டு, ஒரு நடனம் என்று பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். சக ஆசிரியர்கள் ஒரே கருவில் கோக்கலாம் என்கிறார்கள். எந்தக் கரு தாங்கும்?

மூன்றாம் பெஞ்ச் | அக்டோபர் 4, இரவு 9.41
மாறுவேடப் போட்டி வையுங்க. வீட்டுல இருக்கறதைப் போட்டுக்கிட்டு வருவாங்க, பள்ளிக்குச் செலவே இல்ல.

கரும்பலகை | அக்டோபர் 4, இரவு 9.50
பள்ளிக்குச் செலவில்லை, 600 பெற்றோருக்குச் செலவு. அதுவும் ஒருவருக்கு 30 விநாடி கொடுத்தாலே ஐந்து மணி நேரம்.

பக்கத்திரை | அக்டோபர் 5, காலை 6.30
கருவை யோசிப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள். கையில் இருப்பது 70 நிமிடம். நிகழ்ச்சிக்கு நான்கு நிமிடம் என்றால் பத்துக்கு 40. மிச்சம் 30. ஒரு வகுப்பு இறங்கி இன்னொன்று ஏறி வரிசையில் நிற்க, பழக்காமல் விட்டால் மூன்று நிமிடம் ஆகும். அந்த 30-உம் அதிலேயே போய்விடும். ஒரு குழந்தை அழுதாலே கணக்கு உடையும். அதே மாற்றத்தை 45 விநாடிக்குக் கொண்டுவந்தால் மொத்தமே ஏழரை நிமிடம்தான். ஆகவே ஒரு வகுப்பு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் ஒரே அசைவாக ஆகக்கூடிய கரு வேண்டும். "நாட்டின் நடனங்கள்", "பண்டிகைகள்" போன்றவை இங்கேதான் தோற்கும். அவை பத்து தனித்தனிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி உடை, தனி அறிவிப்பு, தனி இடைவெளி.

நான் சொல்வது தண்ணீரின் சுற்று. கடல், ஆவி, மேகம், காற்று, மழை, ஓடை, அருவி, ஆறு, அணை, மறுபடி கடல். பத்து இடம், பத்து வகுப்பு. ஆவி மேலே எழும்போதே மேகம் உள்ளே வரலாம். அறிவிப்பாளர் தேவையில்லை. சீருடைக்கு மேல் ஒரு நிறம் போதும். கதாநாயகன் இல்லாததால் யார் பிள்ளைக்கு ராஜா வேடம் என்ற சண்டையும் இல்லை.

கரும்பலகை | அக்டோபர் 5, மாலை 5.15
பிடித்திருக்கிறது. மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம். ஒரு வகுப்பின் 60 பேரும் ஏறலாமா?

பக்கத்திரை | அக்டோபர் 5, இரவு 8.20
ஏறலாம், ஆட முடியாது. பக்கத்துக்கு ஒன்றரை அடி விடுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து ஐந்தடி விடுங்கள். மிஞ்சுவது 27-க்கு 15. கையை நீட்ட ஒரு பிள்ளைக்கு மூன்றடிச் சதுரம் என்றால் ஒன்பது பேர் கொண்ட ஐந்து வரிசை, அதாவது 45. அது உச்சம். 36 பேர் மேலே, 24 பேர் மேடைக்கு முன் தரையில் பக்கத்துக்கு 12 ஆக நிற்பதுதான் பார்க்க அழகு. தரையில் நிற்பவர்கள் முட்டிபோட்டால் பின்னால் மறைக்காது.

ஒரே அறை | அக்டோபர் 5, இரவு 10.02
எங்களுக்கு மேடையே இல்லை. ஐந்து வகுப்பும் சேர்த்து 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இதெல்லாம் பெரிய பள்ளிக் கதை.

பக்கத்திரை | அக்டோபர் 6, காலை 6.10
38 பேருக்கு இன்னும் சுலபம். யாரும் இறங்கவே வேண்டாம். எல்லாரும் அரைவட்டமாகத் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். தன் முறை வந்ததும் அந்த வகுப்பு எழுந்து நடுவுக்கு வரும், மற்றவர்கள் ஒலி கொடுப்பார்கள். மாற்ற நேரம் பூஜ்யம். மேடை இருப்பவர்களுக்குத்தான் தலைவலி.

ஒலிப்பெட்டி | அக்டோபர் 6, காலை 11.30
மாற்ற நேரத்துக்கு என்னிடம் எளிய வழி. 70 நிமிட இசையையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை அழுத்தினால் போதும், இசை ஓடுவதால் பிள்ளைகளும் ஓடித்தான் ஆகவேண்டும். சொதப்பலுக்கே இடமில்லை.

பக்கத்திரை | அக்டோபர் 6, இரவு 7.45
பாதி சரி. இசை நிற்காமல் இருந்தால் கூட்டம் சலசலக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்கேஜி உட்கார 40 விநாடி தாமதமானால், அந்த 40 விநாடி கடைசி வகுப்புவரை துரத்தும். மேகம் நிற்கும்போது மழைக்கான இசை ஓடும். பத்து தனிக் கோப்பு வையுங்கள். கூடவே எப்போது வேண்டுமானாலும் மெல்லக் குறைத்து நிறுத்தக்கூடிய இணைப்பு இசை ஒன்று, இரண்டு நிமிட நீளத்தில். வகுப்பு தயார் என்று பக்கவாட்டில் நிற்கும் ஆசிரியர் கையைத் தூக்கினால் இணைப்பைக் குறைத்து அடுத்த கோப்பைப் போடுவது. ஓரிரண்டு விநாடி மௌனம் யாருக்கும் தெரியாது.

ஒலிப்பெட்டி | அக்டோபர் 6, இரவு 8.30
சரி, கோப்பு தனித்தனியாகவே இருக்கட்டும். அப்படியானால் பெயரை 01_alai.mp3, 02_aavi.mp3 என்று வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் சில கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். கைபேசியில் ஓட்டினால் விமானப் பயன்முறையில் போடுங்கள். அருவி விழும்போது யாராவது அழைத்தால் அந்த ரிங்டோன் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

கரும்பலகை | அக்டோபர் 9, இரவு 9.00
முதல் கூட்டம் முடிந்தது. எல்கேஜி அலை, யுகேஜி ஆவி, ஒன்று மேகம், இரண்டு காற்று, மூன்று மழை, நான்கு ஓடை, ஐந்து அருவி, ஆறு ஆறு (சிரிக்காதீர்கள்), ஏழு அணை, எட்டு கடைசிக் கடல். முதல் சண்டை அலையில்தான். நீலத் துணி எங்கே, எவ்வளவு?

பக்கத்திரை | அக்டோபர் 10, காலை 6.25
பழைய புடவை. பருத்தி வேண்டாம், அது தொங்கும். மெல்லிய செயற்கை இழைப் புடவைதான் காற்றை உள்ளே வாங்கி உப்பும். இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் 11 மீட்டர், மேடை அகலம் முழுக்க ஒரே அலை.

ஒரே அறை | அக்டோபர் 10, காலை 8.40
30 அடி என்பது 9.1 மீட்டர்தானே? மிச்சம் இரண்டு மீட்டரை எங்கே வைப்பது?

பக்கத்திரை | அக்டோபர் 10, மதியம் 1.15
மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் தளர்ச்சி இருந்தால்தான் அலை எழும் என்று சமாளிக்கலாம், ஆனால் அந்தத் தளர்ச்சி ஓரத்தில் குவிந்து அடுத்து வரும் வகுப்பின் காலைச் சுற்றும். தைக்க வேண்டாம். ஐந்தரை மீட்டர்ப் புடவை இரண்டையும் தனித்தனியாகவே வையுங்கள், முன்னால் ஒன்று இடப்பக்கமாக, பின்னால் ஒன்று வலப்பக்கமாக. ஒவ்வொரு கரையிலும் 12 பிள்ளைகள் உட்கார்ந்தால் ஆளுக்கு 46 சென்டிமீட்டர் கிடைக்கும், சம்மணம் போட அது போதும். இரண்டு புடவைக்கும் 48 பேர். மிச்சம் 12 பேர் அட்டை மீனைத் தூக்கிக்கொண்டு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடக்கட்டும்.

எல்கேஜிப் பிள்ளை துணியைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்காது, இழுக்கும். பக்கத்துப் பிள்ளையின் கையிலிருந்து உருவி மடியில் குவித்துக்கொள்ளும். அதனால் கரையில் 46 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் துணியைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து ரப்பர் பேண்டால் குடுமி மாதிரிக் கட்டுங்கள். அந்தக் குடுமி அந்தப் பிள்ளையுடையது. முழங்காலைத் தொடு, மூக்கைத் தொடு என்று இரண்டே கட்டளை. இடப்பக்கப் புடவை முழங்காலில் இருக்கும்போது வலப்பக்கம் மூக்கில் இருந்தால் அலை தானாக வந்துவிடும்.

மூன்றாம் பெஞ்ச் | அக்டோபர் 10, இரவு 9.20
மூக்குல துடைச்சுக்கும். எழுதி வெச்சுக்கோங்க.

கரும்பலகை | அக்டோபர் 16, இரவு 9.35
துடைத்துக்கொண்டது. அலை வந்துவிட்டது. அடுத்த விஷயம் உடை. மேகத்துக்கு வெள்ளை, ஓடைக்குப் பச்சை என்று கிரேப் காகிதத்தில் மாலை மாதிரி செய்யலாம் என்று ஒரு டீச்சர் சொல்கிறார். மலிவு.

பக்கத்திரை | அக்டோபர் 16, இரவு 10.10
வெள்ளை போகட்டும். பச்சையும் நீலமும் சிவப்பும் வியர்வை பட்டால் சாயம் விடும். 60 சீருடைக் காலரில் பச்சைக் கறை, மறுநாள் காலை 60 அம்மாக்கள். சார்ட் அட்டையில் தலைப்பட்டை போதும். 56-க்கு 71 சென்டிமீட்டர் அட்டையை நீளவாக்கில் ஐந்து சென்டிமீட்டர்ப் பட்டைகளாக வெட்டினால் 11 வரும். 60 பிள்ளைகளுக்கு ஆறு அட்டை, ஆறு பட்டை உபரி. அந்த உபரி கட்டாயம் வேண்டும், விழா அன்று காலை நாலைந்து கிழிந்திருக்கும். சிறு பிள்ளை தலைச்சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர். 71 இருப்பதால் பெரிய வகுப்புக்கும் அதே பட்டை போதும். ஸ்டேபிள் பின்னின் மடிந்த கால் வெளிப்பக்கம் வரட்டும், மேலே ஒட்டுநாடா. உள்பக்கம் வந்தால் நெற்றி கீறும். பிள்ளை ஆட்டத்தின் நடுவில் பட்டையைக் கழற்றி எறிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஒரே அறை | அக்டோபர் 17, காலை 7.50
ஒரு சந்தேகம், எல்லாருக்கும். ஆட வராத பிள்ளைகளைத் திரை இழுக்க, துணி மடிக்க, வரிசை பார்க்க என்று வைத்தால் எல்லாரும் பங்கேற்றதாகக் கணக்கு வருமா?

பக்கத்திரை | அக்டோபர் 17, இரவு 8.00
வரும். மேடைப்பின் வேலை கௌரவமான வேலை. எட்டாம் வகுப்பில் 10 பேர் இல்லாமல் இந்த 45 விநாடி மாற்றம் நடக்காது.

கரும்பலகை | அக்டோபர் 17, இரவு 9.15
எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பத்து பேரை யார் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு வருடமும் அதே பிள்ளைகள்தான் திரைக்குப் பின்னால் போகிறார்கள். அவர்களாகக் கேட்டால் சரி. நாம் ஒதுக்கி அனுப்பிவிட்டு அதற்குக் கௌரவம் என்று பெயர் வைப்பது வேறு.

பக்கத்திரை | அக்டோபர் 18, காலை 6.40
ஒரு இடைவழி: மேடைப்பின் குழுவும் கடைசி நிகழ்ச்சியில் கட்டாயம் முன்னால் வரவேண்டும். ஆனால் யார் தேர்ந்தெடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை, தெரியும்.

கரும்பலகை | அக்டோபர் 21, இரவு 8.50
இப்போது கடைசி நிகழ்ச்சிதான் சிக்கல். எட்டாம் வகுப்புக்கு அலைத்துணியைக் கொடுத்தால் எல்கேஜியைக் காப்பியடித்த மாதிரி ஆகிறது. ஆடவும் மாட்டேன் என்கிறார்கள், அந்த வயசு.

பக்கத்திரை | அக்டோபர் 22, காலை 6.15
மேடையே வேண்டாம். அவர்களைப் பார்வையாளர்களைச் சுற்றி நிறுத்துங்கள். மழை பெய்து கடலில் விழுகிறது, ஆனால் கையாலும் காலாலும் மட்டும். வெட்கப்படும் வயசுக்கு இது பொருந்தும். யாரும் அவர்களைத் தனியாகப் பார்க்கப் போவதில்லை.

ஐந்து ஒலி. உள்ளங்கையைத் தேய்ப்பது காற்று. இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டுவது முதல் துளிகள். கைதட்டு மழை. தொடையில் அடிப்பது கனமழை. தரையில் மிதிப்பது இடி. பிறகு நேராக விரல்தட்டுக்கு இறங்கி, தேய்ப்பு, மௌனம். விரல் சொடுக்கு வேண்டாம், பாதிப் பேருக்கு வராது, வராதவர்கள் சிரிக்க ஆரம்பிப்பார்கள்.

இதன் அழகே ஒலி அரங்கத்தைச் சுற்றி நகர்வதுதான். 60 பேரும் ஒரே நேரத்தில் மாறினால் அது வெறும் கைதட்டல். ஐந்து பேர் கொண்ட 12 குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு ஒரு தலைவர். இடச்சுவரோரம் ஐந்து குழு, பின்சுவரில் இரண்டு, வலச்சுவரோரம் ஐந்து. இடப்பக்க முன்குழு தொடங்கும். அடுத்த குழுத்தலைவர் முந்தைய குழு மாறியதைப் பார்த்து மனசுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணி மாறுவார். குழுவுக்கு இரண்டு விநாடி என்றால் ஒரு ஒலி சுற்றிவர 24 விநாடி. ஏறுவதில் ஐந்து ஒலி, இறங்குவதில் இரண்டு, கடைசியில் மௌனமும் அதே மாதிரி சுற்றிவர வேண்டும். எட்டு சுற்று, மூன்று நிமிடம் 12 விநாடி.

கரும்பலகை | அக்டோபர் 28, இரவு 9.40
முயன்றோம். இரண்டாவது சுற்றிலேயே எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள். 24 விநாடி என்பது எட்டு விநாடியில் முடிந்தது.

பக்கத்திரை | அக்டோபர் 29, காலை 6.20
பிள்ளைகள் காதால் மாறுகிறார்கள். எங்கோ கைதட்டல் கேட்டதும் கை தானாகத் தட்டிவிடும். தன் குழுத்தலைவரின் கையை மட்டும் பார்க்க வேண்டும். தலைவர் சுவருக்கு முதுகு கொடுத்து நிற்காமல், ஓரடி முன்னால் வந்து தன் குழுவைப் பார்த்துப் பக்கவாட்டில் நிற்கட்டும். முதல் நாள் பயிற்சியில் 12 தலைவர்கள் மட்டும் சுற்றட்டும், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். ஒலி நகர்வதை ஒருமுறை கேட்டுவிட்டால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களுக்கே புரியும்.

மின்விசிறி ஓடினால் தேய்ப்பு ஒலி கேட்கவே கேட்காது. அந்த மூன்று நிமிடம் நிறுத்திவிடுங்கள். எல்லா மைக்கும் அணைந்திருக்க வேண்டும்.

ஒலிப்பெட்டி | அக்டோபர் 29, காலை 10.05
இடிக்கு என் பங்கு: பழைய எக்ஸ்-ரே படம் ஒன்றை மைக் முன் ஆட்டினால் அசல் இடி. ஒரே ஒரு மைக் மட்டும் திறந்திருக்கட்டும்.

பக்கத்திரை | அக்டோபர் 29, இரவு 7.30
நல்ல ஒலிதான், மறுக்கவில்லை. ஆனால் அது முன்பக்கப் பெட்டியிலிருந்து மட்டும் வரும், மழை சுற்றிலும் இருக்கும்போது இடி ஒரு மூலையில். அதை மூன்றாம் வகுப்பு மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொருந்தும்.

மூன்றாம் பெஞ்ச் | அக்டோபர் 30, இரவு 9.00
ஒரு அப்பாவா சொல்றேன். எல்கேஜி முதல் நிகழ்ச்சின்னா, அது முடிஞ்சதும் 60 குடும்பமும் பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிடும். யுகேஜி முடிஞ்சதும் இன்னொரு 60. கடைசில எட்டாங்கிளாஸ் பசங்க காலி நாற்காலியச் சுத்தி மழை பெய்வாங்க.

கரும்பலகை | அக்டோபர் 30, இரவு 9.25
இதுதான் எனக்கும் பயம். எல்கேஜியைக் கடைசியில் வைத்தால் 70 நிமிடம் உட்கார வைக்க முடியாது. தூங்கிவிடும், இல்லாவிட்டால் அழும்.

பக்கத்திரை | அக்டோபர் 31, காலை 6.50
இரண்டு முறை வரவேண்டும், ஆனால் இரண்டாம் முறை மேடைக்கு அல்ல. அலை முடிந்ததும் பிள்ளைகளைப் பெற்றோர் மடிக்கே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் நீலக் காகிதப் பட்டை ஒன்று, உபரித் தலைப்பட்டைகளிலிருந்தே வெட்டலாம். "மழை நின்றதும் கடல் வரணும், அதுவரை பட்டையைப் பத்திரமா வெச்சிரு" என்று சொல்லி அனுப்புங்கள். மழை ஓய்ந்த மௌனத்தில் இருக்கைகளிலிருந்தே 60 நீலப் பட்டை ஆடும். கடல் அரங்கத்திலேயே இருக்கிறது, எட்டாம் வகுப்பு அதன் கரை. பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டால் அப்பா கிளம்பப் பார்த்தாலும் பிள்ளை விடாது.

மூன்றாம் பெஞ்ச் | அக்டோபர் 31, காலை 9.15
இது ஆள்கடத்தல். ஆனா வேலை செய்யும்.

கரும்பலகை | நவம்பர் 5, இரவு 10.30
முழு ஒத்திகை முடிந்தது. மாற்ற நேரத்தை அளந்தேன். பெரும்பாலும் 40 முதல் 55 விநாடி. நான்காம் வகுப்பு ஓடை மட்டும் இரண்டு நிமிடம் 10. திசை குழம்பிவிட்டது. மைதானத்தில் சாக்குக் கட்டியால் 30-க்கு 20 கோடு போட்டுத்தான் பழக்கினோம், ஆனால் கொடிமரத்தைப் பார்த்தபடி ஆடிப் பழகியவர்கள் மேடையில் கொடிமரம் இல்லாமல் திரும்பிப் பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை: செருப்பு. இடப்பக்கப் படியில் கழற்றிவிட்டு ஏறுகிறார்கள், வலப்பக்கம் இறங்குகிறார்கள். இறங்கிய 60 பேரும் செருப்பைத் தேடி மேடைக்கு முன்னால் குறுக்கே ஓடி வந்தார்கள், அடுத்த வகுப்பு ஏறும் அதே நேரத்தில்.

பக்கத்திரை | நவம்பர் 6, காலை 6.05
கொடிமரத்துக்கு: மீதி நாட்களில் கோட்டின் முன்பக்கம் ஒரு வரிசை நாற்காலி போட்டு யாரையாவது உட்கார வையுங்கள். முன்பக்கம் என்பது ஆட்கள் இருக்கும் பக்கம் என்று பதிந்துவிடும்.

செருப்பை நான் மறந்தது பிழை. வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கரும்பலகை | நவம்பர் 6, மாலை 4.50
வகுப்பறையிலிருந்து அரங்கத்துக்கு நடுவில் ஜல்லித் தரை. முடியாது.

ஒரே அறை | நவம்பர் 6, மாலை 6.20
படியருகே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு எல்லாரையும் அதன் மேலேயே கழற்றச் சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும் நான்கு நிமிடத்தில் இரண்டு பேர் நாலு மூலையையும் பிடித்து மேடைக்குப் பின்னால் வலப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டு விரிப்பு இருந்தால் மாறி மாறிச் சுழலும்.

கரும்பலகை | நவம்பர் 8, இரவு 9.10
இரண்டு விரிப்பு, மாறி மாறி. ஓடை 50 விநாடிக்கு வந்துவிட்டது. விரிப்பு இழுக்க யார் வருகிறீர்கள் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். 14 கை உயர்ந்தது, நான் நினைத்த பிள்ளைகள் அதில் ஒருவர்கூட இல்லை. நான்கு பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். மழை தொடங்குவதற்கு முன் கடைசி விரிப்பை விட்டுவிட்டு அந்த நால்வரும் பின்சுவரில் போய் நிற்க 30 விநாடி இருக்கிறது. நாளை அதை மட்டும் ஓடிப் பார்க்கிறோம்.

மூன்றாம் பெஞ்ச் | நவம்பர் 8, இரவு 9.32
120 செருப்பும் ஒரே நிறம்னா என்ன பண்ணுவீங்க?

கரும்பலகை | நவம்பர் 8, இரவு 9.40
ஒரே நிறம்தான். சீருடைச் செருப்பு. சார்ட் அட்டை உபரி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.